பண்ணாட்டியும் பரவாயில்ல

வானொலி நிலையத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பேசியதிலிருந்து இருமலையும் தடுமாற்றத்தையும் "அது வந்து", "என்ன சொல்ல வர்றேன்னா" எல்லாவற்றையும் வெட்டி எடுப்பது அவள் வேலை. அவளுடைய திரையில் பேச்சு, தூரத்து மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டு கிடக்கும். பேச்சு நின்ற இடத்தில் மலை தேய்ந்து மெல்லிய கோடாகிவிடும். மௌனத்தைக் கண்ணால் பார்க்கிற ஆட்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று அவள் சில நேரம் நினைத்துக்கொள்வாள். ஆனால் பார்த்த கையோடு வெட்டியும் விடுவாள்.

ஞாயிறு காலையில் ஒரு நிகழ்ச்சி. தூரத்தில் இருக்கிற யாருக்காவது சொல்ல வேண்டியதை ஒரு நிமிடத்துக்குள் சொல்லலாம். பிறந்தநாள் வாழ்த்து, மன்னிப்பு, வேலை கிடைத்த செய்தி என்று வரும். அந்த வாரம் புதன்கிழமை மதியம் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியோடு வந்தார். சட்டையை மாற்றியிருந்தார். ஆனாலும் காது மடலுக்குப் பின்னால் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"எங்க பொண்ணுகிட்ட பேசணும்!" என்றார்.

வரவேற்பறையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதீங்க, இது மில்லு இல்ல" என்றார் மனைவி.

"நான் எங்க கத்தினேன்!"

நிகழ்ச்சித் தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே வந்து அவர்களைப் பதிவு அறைக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்தார். அவருக்கு வெண்ணெய் என்று பெயர். குரலுக்காக வைத்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பாதி பேர் அதற்காகத்தான் வைத்திருந்தார்கள்.

விஷயத்தை அந்த அம்மாதான் சொன்னார். ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துப் போனாள். போனவள் போனவள்தான். அம்மா பேசினால் ஒரு நிமிடம் பேசுவாள்; அப்பாவிடம் கொடுக்கிறேன் என்றால் கடைக்கு ஆள் வந்துவிடும். அப்புறம் எண்ணை மாற்றிவிட்டாள். புது எண் இவர்களிடம் இல்லை. அவளோடு படித்த பெண் ஒருத்தி போன மாதம் கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். "நாள் முழுக்க உங்க ரேடியோதான் ஓடுதாம் அங்க. ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. இதுல பேசினா கட்டாயம் காதுல விழும்னு அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு."

"அப்படி என்ன சண்டை?" என்று கேட்டார் வெண்ணெய்.

"சண்டையே இல்ல, தம்பி. அதான் கஷ்டம். சண்டைன்னா சமாதானம் பண்ணலாம்."

"பின்ன?"

அம்மா கணவரைப் பார்த்தார். அவர் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சுத் தடுப்புகளை, எந்த மரத்தில் செய்தது என்று கண்டுபிடிக்கப் போகிறவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு வந்து, 'அப்பா, அந்த வேலைக்கு நான் போகட்டுமா'ன்னு கேட்டா. இவரு, 'உன் இஷ்டம்'னுட்டாரு."

"சரின்னுதானே சொன்னேன்!" என்றார் அவர்.

"நீங்க சரின்னு சொல்லல. உன் இஷ்டம்னீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

கத்திரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு மேசையில் இருந்தாள். ஒலிவாங்கி ஏற்கெனவே திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. அவள் பொத்தானை அழுத்தி, "ஐயா, அன்னிக்கு எப்படிச் சொன்னீங்க? அதே மாதிரி ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்" என்றாள்.

கூரையிலிருந்து வந்த குரலைக் கேட்டு அவர் மேலே பார்த்தார். பிறகு மனைவியிடம், "நீ கேளு" என்றார்.

"அப்பா, அந்த வேலைக்கு நான் போகட்…"

"உன் இஷ்டம்."

அவ்வளவுதான். கதவுத் தாழ்ப்பாள் விழுவது போல இருந்தது. மனைவி கேட்டு முடிக்கவே இல்லை. திரையில் அவருடைய சிகரம் மனைவியின் சரிவின் மேலேயே ஏறி நின்றது. இடையில் ஒரு மயிரிழைக் கோடுகூட இல்லை. 'இஷ்டம்' என்பதில் குரல் மேலே போகாமல் நேராகக் கீழே இறங்கி நின்றிருந்தது. மேலே ஏற்றி இழுத்திருந்தால் அது, உனக்குப் பிடித்ததைச் செய் கண்ணு, என்று ஆகியிருக்கும். கீழே இறக்கிவிட்டதால், எக்கேடோ கெட்டுப் போ, என்று ஆகிவிட்டது. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் கிடையாது.

"ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அவ ஒரு வாரமா கேக்கப் போறா, கேக்கப் போறான்னு தெரியும். போகட்டும்னு நானும் முடிவு பண்ணி வச்சிருந்தேன். கேட்டா, சொன்னேன். அப்புறம் என்ன யோசிக்கறது?"

அந்த அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை நாளா எனக்கே தெரியாது. கேக்கறதுக்குள்ள பதில் வந்துச்சே, இவளப் பத்தி இவருக்குக் கவலையே இல்ல போலன்னுதான் நானும் நெனச்சேன்."

"நீயுமா?"

"நானும்தான்."

அவர் காதுக்குப் பின்னால் தடவினார்; மரத்தூள் கையோடு வந்தது.

*

மனைவியும் வெண்ணெயும் கண்ணாடிக்கு வெளியே கத்திரியின் பக்கம் வந்துவிட, பதிவு தொடங்கியது. முதல் தடவை அவர் பேசியது, லாரியிலிருந்து கட்டை இறக்குகிறவர்களுக்கு உத்தரவு போடுவது போல வந்தது. "அம்மாடி! அப்பா பேசறேன்! நல்லா இருக்கியா! போன் பண்ணு!" திரையில் மலைகளின் தலை எல்லாம் தட்டையாக வெட்டுப்பட்டுப் போயின.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க, ஐயா" என்றாள் கத்திரி.

மெதுவாக என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருப்பதை அவள் மறந்துவிட்டாள். அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார்.

"அம்மாடி. அப்பா. பேசறேன். இப்ப. நீ. போன். பண்ணு."

"ஐயையோ" என்றார் மனைவி. "பொண்ணைக் கடத்தி வச்சிருக்கறவன் பேசற மாதிரி இருக்கு."

அவரே சிரித்துவிட்டார். வெண்ணெய் உள்ளே போய்ச் சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் புன்னகையோடு பேசுங்கள், உதடு விரிந்தாலே குரலில் தெரியும் என்றார். அது உண்மைதான், உதடு விரிந்தால் ஒலியின் நிறமே மாறும். ஆனால் மரத்தூளும் இரைச்சலும் முப்பது வருடமாகப் பூட்டி வைத்த முகம், சொன்ன மாத்திரத்தில் எப்படி விரியும்? மூன்றாவது தடவை அவர், சலவைத்தூள் விளம்பரத்தில் வரும் சந்தோஷமான குடும்பத் தலைவர் மாதிரி பேசினார். அவரே, "வேண்டாம். அவ சிரிப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "சிரிச்சாக்கூடப் பரவாயில்ல. நம்ப மாட்டா" என்றார்.

கத்திரி எழுந்து உள்ளே போனாள். அவர் பக்கத்தில் மேசையில் ஹெட்போன் சும்மா கிடந்தது. அதைத் துடைத்து அவர் காதில் மாட்டினாள். திரும்பி வந்து, அவருடைய குரலே அவருக்குப் பெரிதாகக் கேட்கும்படி குமிழைத் திருப்பினாள்.

மில்லில் ரம்பம் ஓடுகிற இடத்தில் எல்லோருமே கத்தித்தான் பேச வேண்டும். தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்றால் மனிதன் தன்னை அறியாமல் சத்தத்தை ஏற்றுவான். பல வருடம் ஏற்றிய பிறகு, காதும் கொஞ்சம் மந்தமான பிறகு, அமைதியான அறையில்கூட இறக்கத் தெரியாது. இதை மெதுவா, மெல்லமா என்று சொல்லி மாற்ற முடியாது. தன் குரல் தனக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்க வேண்டும். அப்போது அதுவாகவே இறங்கும்.

"யாரு இது?" என்றார் அவர், காதைத் தொட்டுக்கொண்டு.

"நீங்கதான்."

"இவ்வளவு சத்தமாவா பேசறேன்?" என்றார். இந்தக் கேள்வியே பாதி சத்தத்தில் வந்தது. இன்னும் ஒரு முறை, "நானா?" என்றார். அது இன்னும் கீழே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அவர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வருடத்துக்கு முன்னால் காணாமல் போன யாரோ தெருமுனையில் வருவது போல அவர் அந்தக் குரலைப் பார்த்தார்.

உள்ளே கணவர் தானாகவே தொடங்கினார்.

"அம்மாடி. அப்பா பேசறேன். அன்னிக்கு நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டேன். முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தேன், நீ போகணும்னு. அதான் டக்குனு வந்துருச்சு. நீ போனது கஷ்டமாத்தான் இருக்கு. போனது நல்லதும்தான். ரெண்டும்தான். போன் பண்ணு."

நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நினைத்து வெண்ணெய் கையைத் தூக்கினார். கத்திரி வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணாடிக்குள் அவர் வாயைத் திறந்தார், மூடினார். நாற்காலி லேசாக முனகியது. எச்சில் விழுங்கினார். மூச்சு ஒன்று உள்ளே போய், அங்கேயே நின்று, வெளியே வந்தது.

"பண்ணாட்டியும் பரவாயில்ல" என்றார்.

*

வெள்ளிக்கிழமை காலை அவள் வெட்ட உட்கார்ந்தாள். பழக்கம் கையில் இருந்தது. தொடக்கத்து மூச்சை எடுத்தாள். இடைவெளிகளைச் சுருக்கினாள். கடைசி இரண்டு வாக்கியத்துக்கு நடுவே கிடந்த நீண்ட கோட்டை ஒரே வீச்சில் எடுத்துவிட்டாள். சுத்தமாக வந்தது. ஓடவிட்டுக் கேட்டாள்.

*போன் பண்ணு பண்ணாட்டியும் பரவாயில்ல.*

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ பேசினால் என்ன, பேசாவிட்டால் எனக்கென்ன என்று ஒரு மனிதர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஓர் எழுத்தையும் அவள் சேர்க்கவில்லை, ஓர் எழுத்தையும் எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் யாரும் எதுவும் பேசாத இடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் செய்ததை இப்போது அவள் செய்திருந்தாள்.

வெண்ணெய் தேநீரோடு வந்து பின்னால் நின்று கேட்டார். "அந்தக் கடைசி வரியையே தூக்கிடு. 'போன் பண்ணு'ன்னு முடியட்டும்."

தூக்கிப் பார்த்தாள். உத்தரவு மாதிரி இருந்தது. லாரியிலிருந்து கட்டை இறங்கியது.

"சரி, அப்ப ஒரு ரெண்டு விநாடி இடம் விடு."

விட்டாள். அடுத்து என்ன சொல்வது என்று மறந்துவிட்டு நினைவுக்குக் கொண்டுவந்தவர் போல இருந்தது. மூன்று, நான்கு என்று கூட்டிப் பார்த்தாள். விழுங்குகிற சத்தம் வராத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை. அது வந்த பிறகுதான், மூச்சு உள்ளே போய் நின்று வெளியே வந்த பிறகுதான், 'பரவாயில்ல' என்றது அவருக்கு உண்மையில் பரவாயில்லை என்பதால் அல்ல என்று தெரிந்தது. மகளை விடுவித்துவிட அவர் எவ்வளவு தூரம் நடந்தாரோ, அந்தத் தூரம் முழுக்க அந்தக் கோட்டில்தான் கிடந்தது.

"முழுசா விடணும், சார்."

"விடலாம். மாமியார் விடுவாளா?"

ஒலிபரப்பு அறையில் ஒரு கருவி இருந்தது. ஆறு விநாடி தொடர்ந்து சத்தம் இல்லையென்றால் ஏதோ பழுது என்று நினைத்து, தானாகவே ஒரு வாத்திய இசையை ஆரம்பித்துவிடும். யாரும் பேசாமல் இருந்தால் பொறுக்காது என்பதால் அதற்கு மாமியார் என்று பெயர். மில்காரரின் மௌனம் ஆறு விநாடியைத் தாண்டியது. அவர் எச்சில் விழுங்கி மூச்சு விடுவதற்குள் வயலின் வந்து நின்றுவிடும். தொழில்நுட்பக்காரரிடம் கேட்டதற்கு, "ஒரு ஆளோட மூச்சுக்காக நான் மெஷின்ல கை வைக்க மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். போன வருடம் கை வைத்ததில் அரைமணி நேரம் ஊருக்கே ரேடியோ நின்றுபோனது.

"அவ ஒரு தடவைதான் கேப்பா, சார். கடையில ஆள் வந்து போற இடம். தப்பாக் கேட்டாள்னா அவ்வளவுதான்."

வெண்ணெய் தேநீரை உறிஞ்சினார். அவருக்குக் காலி இடத்தைப் பார்த்தால் பயம். எந்த மௌனத்தையும் அவர் ஒரு 'அருமை'யாலோ 'ஆஹா'வாலோ நிரப்பிவிடுவார். இருந்தும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மாமியாருக்குக் காது உண்டு, புத்தி கிடையாது. சத்தம் எவ்வளவுன்னுதான் பார்ப்பா. என்ன சத்தம்னு பார்க்க மாட்டா."

கத்திரி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் ஒலி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாள். தட்டையாகத் தெரிந்த கோட்டில் சின்னச் சின்னப் புல் முளைத்தது. அறையின் மெல்லிய ரீங்காரம், நாற்காலி முனகல், எங்கேயோ தாழ்வாரத்தில் ஒரு கதவு, விழுங்கல், மூச்சு. அது காலியாகவே இல்லை. ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் அங்கே.

சோதனைக்காக அதைக் கருவி வழியாக ஓடவிட்டார்கள். பச்சை விளக்கு ஒரு முறை சிமிட்டியது. இசை வரவில்லை.

*

ஞாயிறு. மற்றவர்களுடைய வாழ்த்துகளுக்கு நடுவில் அது போனது. கத்திரி ஒலிபரப்பு அறைக்குள் நின்று வெண்ணெயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'போன் பண்ணு' வந்தது. மௌனம் தொடங்கியது. வெண்ணெயின் கை பழக்கத்தில் குமிழை நோக்கிப் போயிற்று. அவர் அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பண்ணாட்டியும் பரவாயில்ல."

வழக்கமாக உடனே வரும் 'நெகிழ வச்சுட்டீங்க' வரவில்லை. அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு, தன் வெண்ணெயை எல்லாம் எங்கோ வைத்துவிட்டு, சாதாரணக் குரலில், "அடுத்தது" என்றார்.

பாட்டு போட்ட நேரத்தில் நிலையத்துத் தொலைபேசி அடித்தது. கத்திரிதான் வெளியே ஓடிப்போய் எடுத்தாள்.

"ஹலோ, ரேடியோவா?" பெண் குரல். பின்னால் யாரோ, எழுத்து தெரியுதா, அடுத்த வரியைப் படிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இப்ப ஒருத்தர் பேசினாரே. மில்லுல வேலை பாக்கறவரு."

"ஆமாங்க."

"நடுவுல நின்னுச்சே. அது உங்க ரேடியோ நின்னுச்சா? இல்ல அவரா?"

வேகமாகச் சொன்னால், சமாளிக்கிறாள் என்று நினைப்பாள். தயங்கினால், பொய் சொல்ல யோசிக்கிறாள் என்று நினைப்பாள். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதைக் கத்திரி விட்டுவிட்டாள்.

"அவருதான்" என்றாள். "நான் ஒண்ணும் சேர்க்கல. அவரு அவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருந்தாரு."

அந்தப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. இருக்கிறாளா, வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. கத்திரிக்கு, 'ஹலோ, இருக்கீங்களா' என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கடையில் யாரோ, ரெண்டாவது வரி மங்கலா இருக்கு, என்றார்.

"சத்தமாவே பேசலையே" என்றாள் அந்தப் பெண், கடைசியில். "அவரு குரல்தானான்னே எனக்குச் சந்தேகம். சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்ப ஒரு ராத்திரி பூரா இப்படிப் பேசினாரு. அப்புறம் நான் கேட்டதே இல்ல."

"காதுல ஹெட்போன் மாட்டியிருந்தோம். அவரு குரல் அவருக்குக் கேட்டுச்சு."

"ஓ."

பிறகு அவள் தனக்குத்தானே கணக்குப் போடுவது போல, ஒவ்வொன்றையும் இடம் விட்டு இடம் விட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு மில்லு கிடையாது. வீட்டுலதான் இருப்பாரு. அம்மாதான் எடுப்பா. அவர்கிட்ட குடுக்கச் சொல்லணும்."

"என்கிட்ட வீட்டு எண் இருக்கு, தரவா?"

"எனக்கு மனப்பாடம்" என்றாள் அவள், சட்டென்று. அவ்வளவு சட்டென்று வந்தது அது.

தொலைபேசி வைக்கப்பட்டது. நன்றி, வர்றேன், எதுவும் இல்லை. பாட்டு முடிய இன்னும் நேரமிருந்தது. வெண்ணெய் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, யாரு, புகாரா, என்று கையால் கேட்டார். கத்திரி இல்லையென்று தலையை ஆட்டினாள்.